பெயர் மட்டும் இடம் மாறிய மாங்காய்க் கணக்கு: Restore அழுத்துவதற்கு முன்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மூன்று மையங்களில் மாங்காய் வாங்குகிறோம். எடைச் சீட்டுகளை ஒரே கூகுள் ஷீட்ஸ் கோப்பில் மூன்று மையத்து ஆட்களும் ஏற்றுகிறார்கள். செவ்வாய்க்கிழமை யாரோ விவசாயிகளின் பெயர் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். எடை அதே இடத்தில் இருக்கிறது, பெயர்கள் மாறிவிட்டன. வியாழக்கிழமைதான் கண்ணில் பட்டது. அதற்குள் புதிய வரவும் நிறைய ஏறிவிட்டது. பழைய பதிப்பை Restore செய்தால் இரண்டு நாள் கணக்கு போய்விடுமா? யார் செய்தது என்று தெரியுமா?

பதில்:

இப்போதைக்கு Restore பொத்தானைத் தொட வேண்டாம். அது ஒரு பத்தியையோ ஒரு தாளையோ மட்டும் பின்னுக்குக் கொண்டு போவதில்லை. கோப்பு முழுவதையும், அதில் உள்ள எல்லாத் தாள்களோடும், அந்தப் பழைய நேரத்து நிலைக்குத் திருப்பும். செவ்வாய்க்குப் பிறகு ஏறிய வரவு, வண்டி வாடகைத் தாளில் எழுதியது, பட்டுவாடாத் தாளில் குறித்தது எல்லாம் மூன்று மையத்துத் திரையிலிருந்தும் ஒரே நொடியில் மறைந்துவிடும். பர்கூரில் ஒருவர் அப்போதுதான் சீட்டு ஏற்றிக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

ஏற்கெனவே யாராவது அழுத்தியிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. Restore எதையும் அழிப்பதில்லை. பழைய நிலையை ஒரு புதிய பதிப்பாக வரலாற்றின் உச்சியில் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சற்று முந்தைய பதிப்பு அடுத்த வரியிலேயே இருக்கும். அதைத் தேர்ந்து மறுபடி Restore கொடுத்தால் வியாழக்கிழமை நிலை திரும்பிவிடும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் யாரும் புதிதாக ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றியிருந்தால் மீட்க வேண்டியது மூன்று அடுக்காகிவிடும். ஆகவே முதல் வேலை, மூன்று மையங்களுக்கும் போன் செய்து, "புதிய சீட்டுகளைக் கடைசி வரிசைக்குக் கீழே மட்டும் ஏற்றுங்கள், பழைய வரிசைகளில் கை வைக்காதீர்கள்" என்று சொல்வது. வண்டி வந்துகொண்டிருக்கும் பருவத்தில் ஏற்றுவதையே நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். அதற்குத் தேவையும் இல்லை.

உங்களுக்கு வேண்டியது பழைய கோப்பு முழுவதும் அல்ல. பழைய பெயர் பத்தி மட்டும்தான். அதை வரலாற்றிலிருந்து ஒரு நகலாக வெளியே எடுத்து, இப்போதைய கோப்பில் சீட்டு எண்ணை வைத்துப் பொருத்திவிட்டால் புதிய வரவுக்கு ஒரு சேதமும் வராது.

முதலில் சரியான பதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கைபேசியில் முயல வேண்டாம், கணினியில் பிரவுசரில் திறந்து செய்யுங்கள். File பட்டியலில் Version history, அதில் See version history. வலது பக்கம் தேதி, நேரம், மாற்றியவர் பெயர் என்று ஒரு பட்டியல் வரும். இந்தப் பட்டியல் கோப்பைத் திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும். பார்க்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு அந்த மெனுவே பயன்படாது.

பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு மாற்றம் அல்ல. அருகருகே நடந்த பல மாற்றங்களை ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் என்று ஒரே வரி இருந்தால், அதன் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் நுண்ணிய பதிப்புகள் விரியும். வரிசைப்படுத்திய நிமிடம் பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

தேடும்போது ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்தால் பொழுது போய்விடும். கையில் ஒரு காகிதச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளி மையத்தின் 214-ஆம் சீட்டு, முருகேசன், சந்தூர், 3,420 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய தாளில் அந்த வரிசையில் அன்பழகன் என்று இருக்கிறது, ஊர் மட்டும் சந்தூர். திங்கள் மாலைப் பதிப்பைத் திறந்தால் முருகேசன் இருக்கிறார். புதன் காலையில் அன்பழகன் இருக்கிறார். நடுவில் உள்ள ஒரு பதிப்பைத் திறவுங்கள். முருகேசன் இருந்தால் அதற்குப் பின்னால் தேடுங்கள், இல்லையென்றால் முன்னால். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டிய பகுதி பாதியாகும், ஆகவே சில சொடுக்குகளிலேயே முருகேசன் கடைசியாக இருந்த பதிப்புக்கு வந்துவிடலாம். அதுதான் நமக்கு வேண்டிய நல்ல பதிப்பு. அதற்கு அடுத்த பதிப்பில் பெயர் பத்தி மேலிருந்து கீழ் வரை ஒரே நிறத்தில் மின்னும். மாற்றங்களை நிறமிட்டுக் காட்டும் கட்டம் டிக் செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த நிறம் யாருடையது என்பது பட்டியலில் பெயரோடு இருக்கும்.

யார் செய்தது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொருவரும் தத்தம் ஜிமெயில் கணக்கில் நுழைந்து திருத்தினால்தான் பெயர் தெரியும். நம் பக்கத்து அலுவலகங்களில் ஒரே ஜிமெயிலை எல்லா மையத்துக் கைபேசியிலும் போட்டு வைப்பது சாதாரணம். அப்படியானால் வரலாறு முழுக்க ஒரே பெயர்தான் இருக்கும். இணைப்பு கிடைத்தவர் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பகிர்ந்திருந்தால், கணக்கில் நுழையாமல் திருத்தியவர் பெயரில்லாதவராகவே பதிவாவார். கட்டத்தில் வலது சொடுக்கி Show edit history பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சில திரைகளில் அது View more cell actions என்பதற்குள் இருக்கும். ஒரு கட்டத்தில் யார் என்ன எண்ணைத் தட்டினார் என்று அறிய அது நல்ல கருவிதான். ஆனால் வரிசை சேர்த்தது, நீக்கியது, சூத்திரத்தால் மாறியது போன்றவை அதில் வராமல் போகலாம். ஒரு பத்தியே மொத்தமாக நகர்ந்ததை அறிய அதை நம்பாதீர்கள். முழுப் பதிப்பு வரலாறுதான் சாட்சி.

செய்தவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். கணினியில் எக்செல் பழகியவர் ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தப் போனால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று அது நிறுத்திக் கேட்கும். கூகுள் ஷீட்ஸில் பத்தியைத் தேர்ந்து Sort range கொடுத்தால் அப்படிக் கேட்பதில்லை, சொன்னதைச் செய்துவிடும். முழு வரிசையோடு நகர்த்துவது Sort sheet. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

நல்ல பதிப்பு கிடைத்ததும், பட்டியலில் அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி Make a copy கொடுங்கள். அந்த நேரத்து நிலை தனிக் கோப்பாக உங்கள் டிரைவில் வந்துவிடும். மூலக் கோப்பில் ஒரு கட்டம்கூட அசையாது. நகலைத் திறந்து, கீழே உள்ள வரவுத் தாளின் பெயரில் வலது சொடுக்கி Copy to, பிறகு Existing spreadsheet, உங்கள் மூலக் கோப்பு. இப்போது மூலக் கோப்பிலேயே கடைசியில் அந்தப் பழைய தாள் வந்து சேரும். அதற்குப் பழையது என்று பெயர் மாற்றுங்கள்.

இனி பொருத்தும் வேலை. உங்கள் தாள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்: A மையம், B சீட்டு எண், C விவசாயி பெயர், D ஊர், E ரகம், F நிகர எடை, G விலை, H தொகை. செவ்வாய்க்கிழமை வரை 412 சீட்டுகள், அதாவது 2 முதல் 413 வரை வரிசைகள். அதற்குப் பின் 58 புதிய சீட்டுகள், 471 வரை.

யாரும் வரிசைகளை நகர்த்தவில்லை, இடையில் புதிதாகச் சேர்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், பழைய தாளின் C2:C413 பகுதியை நகலெடுத்து அதே இடத்தில் ஒட்டினால் முடிந்தது. ஆனால் மூன்று பேர் இரண்டு நாள் புழங்கிய தாளில் அந்த உறுதி யாருக்கும் இருக்காது. ஒருவர் மறந்துபோன சீட்டு ஒன்றை நடுவில் ஒரு வரிசை சேர்த்து ஏற்றியிருந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாப் பெயரும் ஒரு படி தள்ளி விழும். மறுபடி அதே குழப்பம், இந்தத் தடவை கண்டுபிடிக்க இன்னும் கடினம். எனவே இடத்தை நம்பாமல் சீட்டு எண்ணை நம்புங்கள்.

சீட்டு எண் மட்டும் போதாது. மூன்று மையத்திலும் தனித்தனிச் சீட்டுப் புத்தகம், எல்லாம் 1-இல் தொடங்குகிறது. காவேரிப்பட்டினத்திலும் 214 இருக்கும், போச்சம்பள்ளியிலும் 214 இருக்கும். மையத்தையும் எண்ணையும் ஒட்டி ஓர் அடையாளமாக்க வேண்டும். இரண்டு தாள்களிலும் காலியாக உள்ள J பத்தியில் இதை எழுதிக் கடைசி வரை இழுங்கள்:

```
=TRIM(A2)&"-"&TRIM(B2)
```

போச்சம்பள்ளி-214 என்பதுபோல வரும். தவறுதலாக விழுந்த இடைவெளியை TRIM நீக்கிவிடும். ஒரே அடையாளம் இரண்டு தடவை வருகிறதா என்று M பத்தியில் பாருங்கள்:

```
=COUNTIF(J$2:J$471,J2)
```

எல்லா வரிசையிலும் 1 வர வேண்டும். 2 வந்தால் அந்தச் சீட்டு இரட்டையாக ஏறியிருக்கிறது, அல்லது எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்து அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து, வரவுத் தாளின் K பத்தியில் பழைய பெயரை எடுத்து வருவோம்:

```
=XLOOKUP(J2,'பழையது'!J$2:J$413,'பழையது'!C$2:C$413,"புதியது")
```

பழைய தாளில் அந்தச் சீட்டு இருந்தால் அதன் சரியான பெயர் வரும். இல்லாவிட்டால் புதியது என்று வரும். இந்தச் சொல்லை நேரடியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிடைக்காவிட்டால் இப்போதுள்ள பெயரையே போடு என்று ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம். அப்படிச் செய்தால், பொருந்தத் தவறிய பழைய சீட்டு ஒன்று தவறான பெயரோடு சத்தமில்லாமல் உள்ளே தங்கிவிடும். கிடைக்காததைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதே நல்லது. இப்போது எண்ணிப் பாருங்கள்:

```
=COUNTIF(K2:K471,"புதியது")
```

58 வர வேண்டும். 60 வந்தால், இரண்டு பழைய சீட்டுகளின் எண்ணையோ மையப் பெயரையோ யாரோ பிறகு திருத்தியிருக்கிறார்கள். காவேரிப்பட்டினம் என்பதைக் காவேரிப்பட்டணம் என்று மாற்றினாலும் பொருந்தாது. 57 வந்தால், புதிய சீட்டு ஒன்று பழைய எண்ணையே தாங்கி நிற்கிறது. 58-க்கு மேல் வந்தால் புதியது என்று வந்த வரிசைகளை வடிகட்டிக் காகிதச் சீட்டோடு ஒப்பிடுங்கள், குறைந்தால் கடைசி 58 வரிசைகளில் புதியது என்று வராததைப் பாருங்கள். விவகாரம் எந்த வரிசையில் என்று பிடிபட்டுவிடும்.

எண்ணிக்கை சரியானதும் L பத்தியில் இறுதிப் பெயர்:

```
=IF(K2="புதியது",C2,K2)
```

இதை C பத்திக்குக் கொண்டு போகும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். L பத்தியை நகலெடுத்து C-இல் சாதாரணமாக ஒட்டினால் சூத்திரமே போய் உட்கார்ந்து, பெயருக்குப் பதில் சீட்டு எண்ணோ பிழையோ நிற்கும். Ctrl+Shift+V அழுத்தி மதிப்பை மட்டும் ஒட்ட வேண்டும். ஒட்டும் அந்த ஒரு நிமிடம் மட்டும் மூன்று மையத்தாரும் கையை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் நகலெடுத்ததற்கும் ஒட்டுவதற்கும் இடையே யாராவது ஒரு வரிசையைச் சேர்த்தால் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். இரவு மண்டி அடங்கிய பிறகு செய்வது வசதி.

ஒரு சிறு இழப்பு இருக்கலாம். செவ்வாய்க்குப் பிறகு பழைய வரிசை ஒன்றில் யாராவது பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தால், அது பழைய வடிவத்துக்கே போய்விடும். மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள் சரியாகிவிட்டது. ஆனால் பணம்? இரண்டு நாள் இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், மொத்த எடையும் மொத்தத் தொகையும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை என்பதே. பெயர்தான் இடம் மாறியது. அதனால் கீழே உள்ள கூட்டுத்தொகை எப்போதும்போல் பொருந்தும். மாறியது ஒவ்வொரு விவசாயிக்கும் வரும் தொகை. பட்டுவாடாத் தாளில் இப்படி ஏதோ ஒன்று எழுதியிருப்பீர்கள்:

```
=SUMIF('வரவு'!C:C,A2,'வரவு'!H:H)
```

இது பெயரைப் பார்த்தே கூட்டுகிறது. 214-ஆம் சீட்டின் 3,420 கிலோவுக்கு விலை 18 ரூபாய் என்றால் 61,560 ரூபாய். இந்த இரண்டு நாளும் அது முருகேசன் கணக்கில் இல்லை, அன்பழகன் கணக்கில் நின்றது. செவ்வாய் மதியத்துக்கும் வியாழனுக்கும் இடையில் பணம் அனுப்பியிருந்தால், அனுப்பிய பட்டியலை இப்போதைய சரியான தொகையோடு ஒவ்வொருவருக்கும் ஒப்பிட்டே ஆக வேண்டும். பழைய தாளை வைத்து ஒரு தொகை, சரிசெய்த தாளை வைத்து ஒரு தொகை என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த விவசாயியின் புதிய சீட்டுத் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேலோ கீழோ இருந்தால் அந்தப் பெயரில் இன்னும் ஒரு சீட்டு தவறி நிற்கிறது. என்னைக் கேட்டால் தாளைச் சரிசெய்வதைவிட இந்த ஒப்பீடுதான் முக்கியம். தாளை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், வங்கிக் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு சங்கதி.

மறுபடி இது நடக்காமல் இருக்கச் சில ஏற்பாடுகள். மையத்து ஆட்கள் பெயரை அகரவரிசையில் பார்க்க விரும்புவது நியாயம்தான். யாருக்கு எத்தனை சீட்டு என்று தேட அது வசதி. அதற்கு Data பட்டியலில் Create filter view கற்றுக்கொடுங்கள். அதற்குள் எப்படி வரிசைப்படுத்தினாலும் அவர் பார்வையில் மட்டும் வரிசை மாறும். மற்றவர்களின் தாள் அப்படியே இருக்கும், வரிசைகளும் உடையாது.

இரண்டாவது, பட்டுவாடா முடிந்த வரிசைகளைப் பூட்டுவது. Data பட்டியலில் Protect sheets and ranges, வாரக் கடைசியில் A2:H413 என்று பகுதியைக் கொடுத்துத் திருத்தும் உரிமையை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பகுதியை மற்றவர் வரிசைப்படுத்தப் போனால் தாள் மறுத்துவிடும். புதிய சீட்டுகளைக் கீழே ஏற்ற அவர்களுக்குத் தடையில்லை. கோப்பின் உரிமையாளர் எப்போதும் திருத்தலாம் என்பதால், உரிமையாளரின் ஜிமெயிலையே மையங்களில் போட்டு வைத்திருந்தால் இந்தப் பூட்டு வெறும் அலங்காரம். மூன்று மையத்துக்கும் மூன்று ஜிமெயில் கணக்கு வைத்து, Share பொத்தானில் ஒவ்வொன்றையும் தனியாகச் சேர்த்து, இணைப்பு வழிப் பகிர்வை Restricted என்று மாற்றிவிடுங்கள். அடுத்த தடவை வரலாற்றில் பெயரும் தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் முன்னால் File, Version history, Name current version என்று போய் அந்த நேரத்து நிலைக்கு ஒரு பெயர் கொடுங்கள். "ஜூன் இரண்டாம் வாரப் பட்டுவாடாவுக்கு முன்" என்பதுபோல. இடத்தை மிச்சப்படுத்த கூகுள் சில சமயம் பழைய பதிப்புகளை ஒன்றாக இணைத்துவிடும். அப்போது உங்களுக்கு வேண்டிய நிமிடம் தனியாகக் கிடைக்காமல் போகலாம். பெயர் வைத்த பதிப்புகளை மட்டும் காட்டு என்று வடிகட்டிப் பார்க்கவும் முடியும். ஒரு ஷீட்ஸ் கோப்புக்கு 15 பெயர்கள்தான் வைக்கலாம், எனவே தினமும் வைத்துத் தீர்த்துவிடாதீர்கள். மாங்காய்ப் பருவத்துக்கு வாரம் ஒன்று என்றால் தாராளமாகப் போதும்.

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் .XLSX என்று சின்னதாக ஒரு பட்டை தெரிந்தால், அது எக்செல் கோப்பாகவே ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். File பட்டியலில் Save as Google Sheets கொடுத்து மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் அது புதிய கோப்பாக, புதிய இணைப்போடு உருவாகும். பழைய இணைப்பு மையத்தாரின் வாட்ஸப்பில் கிடந்தால் பாதிப்பேர் பழைய கோப்பிலேயே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பழைய கோப்பில் அவர்களின் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டுப் புதிய இணைப்பை அனுப்புங்கள். அதேபோல, தாளைப் பதிவிறக்கி வாட்ஸப்பில் அனுப்பி, அதில் திருத்தித் திரும்ப அனுப்பும் வழக்கம் எந்த மையத்திலாவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கோப்பில் நடப்பது எதுவும் இந்த வரலாற்றில் பதியாது.

J முதல் M வரையிலான துணைப் பத்திகளை ஒப்பீடு முடிந்ததும் அழித்துவிடலாம். பழையது தாளை அழிக்காமல், வலது சொடுக்கி Hide sheet கொடுத்து மறைத்து வையுங்கள். இந்தப் பருவத்தின் கடைசிப் பட்டுவாடா முடியும் வரை, "என் சீட்டுக்குப் பணம் வரவில்லை" என்று யாராவது வந்து நின்றால் உடனே எடுத்துக் காட்ட உதவும்.